நல்ல பேங்க் கூட வதந்தியில மூழ்குமா? உங்க 5 லட்சம் காப்பீடு எங்க உதவும், எங்க உதவாது?

போன ஏலக்காய் சீசன் முடிஞ்ச சமயம். குரங்கணியில இருக்கற என் மாமா காலையில ஆறு மணிக்கே போன் பண்ணார்.

"மாப்ள, நம்ம பேங்கை மூடப் போறாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துருக்கு. ஏலக்கா வித்த பணம் எட்டு லட்சம் அங்கதான் டெபாசிட்டா கெடக்கு. மொத பஸ்ஸப் புடிச்சு போடிக்குப் போயி எடுத்துரவா?"

அந்த பேங்கோட காலாண்டு முடிவுகளை எடுத்துப் பார்த்தேன். வாராக்கடன் குறைவு, மூலதனம் தேவைக்கு மேலேயே இருந்தது. "பேங்க் நல்லாதான் இருக்கு மாமா"ன்னு சொன்னேன். அவர் உடனே கேட்டார்: "நல்லா இருக்கற பேங்குன்னா, எல்லாரும் போய்க் கேட்டாலும் குடுத்துரும்ல?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், "குடுக்க முடியாது" என்பதுதான். எவ்வளவு நல்ல பேங்கா இருந்தாலும் முடியாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு கற்பனை பேங்கோட கணக்கு

ஒரு பேங்க்ல மக்கள் போட்ட டெபாசிட் 100 கோடி. பங்குதாரர்களோட சொந்த மூலதனம் 10 கோடி. ஆக மொத்தம் 110 கோடி. இதுல 6 கோடி ரொக்கமாவும் ரிசர்வ் வங்கி கணக்குலயும் இருக்கு. 24 கோடி அரசுப் பத்திரங்கள். மீதி 80 கோடி கடனா வெளிய போயிருக்கு: வீட்டுக்கடன், கடைக்காரங்களுக்குக் கடன், ஏலத் தோட்டத்துக்குப் பயிர்க்கடன். எல்லாக் கடனும் ஒழுங்கா திரும்பி வருதுன்னு வச்சுக்கோங்க. கடன்பட்டதை விட 10 கோடி அதிகமா சொத்து வச்சிருக்கற, ஆரோக்கியமான பேங்க் இது.

சாதாரண நாள்ல ஒரு கோடி வெளிய போகும், கிட்டத்தட்ட அதே அளவு உள்ள வரும். அதனால 6 கோடி ரொக்கமே தாராளம்.

ஒரு நாள் வதந்தி கிளம்புது. முதல் நாள் 20 கோடி கேட்டு வர்றாங்க. 6 கோடி ரொக்கத்தைக் குடுத்து, 14 கோடிக்குப் பத்திரத்தை வித்து பேங்க் சமாளிச்சிடுது. மறுநாளும் 20 கோடி கேக்கறாங்க. மிச்சம் இருக்கற 10 கோடி பத்திரமும் மத்தியானத்துக்குள்ள காலி. இப்போ டெபாசிட் பாக்கி 70 கோடி. கையில இருக்கறது 80 கோடி கடன் மட்டும்.

அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க முடியுமா? 15 வருஷ வீட்டுக்கடன் வாங்கினவர்கிட்ட இன்னைக்கே மொத்தத்தையும் கட்டச் சொல்ல முடியாது. பயிர்க்கடன் வாங்கினவர் காய் எடுத்து வித்தாத்தான் கட்டுவார். ஒரே வழி, கடன் புத்தகத்தையே வேற ஒரு நிறுவனத்துக்கு விக்கறது.

போடி ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். சரக்கு தரமா இருந்தும், இன்னைக்கே வித்தாகணும்னு ஒருத்தர் நிக்கறது வியாபாரிக்குத் தெரிஞ்சா, விலை இறங்கிடும். கடனுக்கும் அதேதான். ரூபாய்க்கு 80 பைசா வீதம் வித்தா 80 கோடி கடனுக்கு 64 கோடிதான் கிடைக்கும். குடுக்க வேண்டியது 70 கோடி. 6 கோடி பள்ளம்!

இதுல என்ன நடந்திருக்குன்னு கவனிங்க. முந்தாநாள் வரைக்கும் அந்த பேங்க்ல ஒரு கடன்கூட வாராக்கடன் ஆகல. ஆனா இப்போ பேங்க் நிஜமாவே திவால். "மூழ்கப் போகுது"ன்ற பொய், எல்லாரும் அதை நம்பி ஓடினதாலேயே உண்மையாயிடுச்சு. கடைசியா வந்தவங்க தலையிலதான் அந்த 6 கோடி நஷ்டம் விழும். அதனால வதந்தி பொய்னு தெரிஞ்சவர் கூட, "மத்தவங்க எடுத்துடுவாங்களே"ன்னு பயந்து வரிசையில முன்னாடி போய் நிக்கறார். அவரை முட்டாள்னு சொல்ல முடியாது. அவர் இடத்துல அது சரியான கணக்குதான். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1983-ல இதைத்தான் கணித மாதிரியா எழுதிக் காட்டினாங்க. 2022-ல அவங்களுக்கு நோபல் பரிசும் கிடைச்சது.

மலைக்கு அந்தப் பக்கம், 1960

குரங்கணியில இருந்து மலையேறினா டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டினா மூணாறு, இன்னும் மேற்கே இறங்கினா கோட்டயம் பக்கத்துல பாலா என்ற ஊர். அங்க தலைமையகம் வச்சிருந்தது பாலாய் சென்ட்ரல் பேங்க். 1960 ஆகஸ்ட் 8 அன்னைக்கு, அதை மூடச் சொல்லி ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. பேங்க் கதவு மூடிடுச்சு.

அந்த பேங்கோட கடன்கள்ல நிஜமாவே பிரச்சினை இருந்ததுன்னு ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனா நாம கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. பயம் அந்த ஒரு பேங்கோட நிக்கல, மத்த பேங்குகளுக்கும் பரவிச்சு. டெபாசிட் போட்ட சாதாரண மனுஷனுக்கு எது நல்ல பேங்க், எது கெட்ட பேங்க்னு பிரிச்சுப் பார்க்க வழி கிடையாது. எல்லாத்தையும் சந்தேகப்படறதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

இந்த அடிக்குப் பிறகுதான் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் 1961-ல வந்தது. 1962 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அமெரிக்காவுக்கு அடுத்து இதைக் கொண்டு வந்த இரண்டாவது நாடு இந்தியா. அப்போ ஒருத்தருக்குக் காப்பீடு 1,500 ரூபாய். 1993-ல இருந்து 1 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம்.

காப்பீடு பேங்குக்கு ஒரு ரூபாய் கூட ரொக்கம் குடுக்கறதில்ல. சின்ன டெபாசிட்தாரருக்கு வரிசையில நிக்க வேண்டிய காரணத்தை இல்லாம பண்ணுது, அவ்வளவுதான். "கடைசியா போனாலும் என் பணம் வரும்"னா எதுக்கு ஓடணும்?

ஓட்டம் ஆரம்பிச்சுட்டா?

காப்பீடு இருந்தும் ஓட்டம் நடந்திருக்கு. 2003 ஏப்ரல் 11, 12 தேதிகள்ல குஜராத்துல ஐசிஐசிஐ பேங்க் பத்தி வதந்தி பரவி, ஏடிஎம்கள்லயும் கிளைகள்லயும் கூட்டம் குவிஞ்சது. பேங்க் நல்ல நிலையில இருந்தது, ஆனா மேல போட்ட கணக்குப்படி பார்த்தா அது மட்டும் போதாது.

காப்பாத்தினது இரண்டு விஷயம். ஒண்ணு ரொக்கம்: பணம் வந்துகிட்டே இருந்தது, ஏடிஎம்கள் தொடர்ந்து இயங்கின. இன்னொண்ணு, பேங்க்கிட்ட போதுமான பணம் இருக்குன்னு ரிசர்வ் வங்கியே வெளிப்படையா அறிவிச்சது. ரூபாயை அச்சடிக்கற இடமே பின்னாடி நிக்குதுன்னு தெரிஞ்ச பிறகு, முதல் ஆளா போறதுல எந்த லாபமும் இல்ல. கூட்டம் கலைஞ்சது.

ஆனா ஒரு எல்லை உண்டு. இந்த உதவி, பணம் கைவசம் இல்லாத நல்ல பேங்குக்குத்தான் செல்லும். கடனே கெட்டுப்போன பேங்குக்கு ரொக்கம் குடுத்தா நோய் தீராது. கரூர்ல பிறந்த லக்ஷ்மி விலாஸ் பேங்க் அந்த வகை. வாராக்கடன்ல மூலதனமே கரைஞ்சு போச்சு. 2020 நவம்பர் 17 அன்னைக்குத் தடை வந்து, ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு ஆச்சு. பத்தே நாள்ல, நவம்பர் 27 அன்னைக்கு டிபிஎஸ் பேங்க் இந்தியாவோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவங்களுக்கு முழுப் பணமும் கிடைச்சது. பங்கு வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல.

உங்க காப்பீட்டை நீங்களே கணக்கு போடுங்க

5 லட்சம் என்பது ஒரு கணக்குக்கு இல்ல, ஒரு பேங்க்ல ஒரு நபருக்கு. சேமிப்புக் கணக்கு, எஃப்டி, ஆர்டி, போடி கிளை, சென்னை கிளை எல்லாத்தையும் கூட்டித்தான் பார்ப்பாங்க. வட்டியும் அதுக்குள்ளதான். 4,80,000 ரூபாய் எஃப்டி, அதுல சேர்ந்த வட்டி 35,000-ன்னா, காப்பீடு 5 லட்சத்தோட நின்னுடும், 15,000 வெளிய. ஆனா மனைவியோட சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு வச்சிருந்தா, அதுக்குத் தனியா 5 லட்சம் உண்டு. வேற பேங்க்ல போட்டா அங்கயும் தனியா 5 லட்சம்.

பேங்க் மேல ரிசர்வ் வங்கி தடை போட்டு, பணத்தை எடுக்க முடியாம போனா, 90 நாளுக்குள்ள காப்பீட்டுத் தொகை தரணும்னு 2021-ல சட்டம் திருத்தப்பட்டிருக்கு. 90 நாள்னா மூணு மாசம். வாடகையும் இஎம்ஐயும் அதுவரைக்கும் காத்திருக்காது. காப்பீடு இழப்பைத் தடுக்கும், தாமதத்தைத் தடுக்காது. அதனால சம்பளக் கணக்கு ஒரு பேங்க்ல இருந்தா, அவசரத்துக்கான பணத்தை இன்னொரு பேங்க்ல வைங்க.

ஊர்ப்பக்கம் இருக்கறவங்க முக்கியமா ஒண்ணு பாருங்க. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஆனா தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல போட்ட டெபாசிட்டுக்குக் கிடையாது. நிதி நிறுவனம், சீட்டு, கம்பெனி டெபாசிட் எதுக்கும் கிடையாது. சந்தேகம் இருந்தா, டிஐசிஜிசி இணையதளத்துல காப்பீடு உள்ள வங்கிகளோட பட்டியல் இருக்கு, பேரைத் தேடிப் பாருங்க.

மாமா அன்னைக்கு பஸ் ஏறல. எஃப்டியைப் பாதியில உடைச்சா வட்டி குறையும்னு சொன்னதும் கொஞ்சம் யோசிச்சார். ஆனா அவரோட பயத்துல ஒரு நியாயம் இருந்தது: 8 லட்சம் ஒரே பேர்ல ஒரே பேங்க்ல, அதாவது 3 லட்சத்துக்குக் காப்பீடே இல்ல. எஃப்டி முதிர்ந்ததும் இரண்டு பேங்க்ல நாலு நாலு லட்சமா பிரிச்சுப் போட்டோம்.

சமீபத்துல இன்னொரு வாட்ஸ்அப் வந்ததாம். "படிச்சுட்டு அழிச்சுட்டேன் மாப்ள"ன்னார்.