புதிய குரூப்பில் உங்களைச் சேர்க்கவில்லையா? மனவருத்தத்தைத் தோழியிடம் சொல்ல சில குறிப்புகள்

உடப்புச் சந்தியில் சிலாபம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஆடி மாதம், வியாழக்கிழமை. கூடப் படித்த சிலாபத்துக்காரி எதிரே வந்தவள், "சாறி நிறம் குரூப்பில போட்டிருந்தாளே, நீ பாக்கல்லியா?" என்று கேட்டாள். நாங்கள் ஐந்து பேருக்கும் ஓ.எல். படித்த காலத்துப் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் சாறி பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் பேச்சை மாற்றினாள். முந்தலில் இருக்கும் தோழியின் தங்கைக்கு ஆவணியில் கலியாணம். அதற்கென்று புதிதாக ஒரு குரூப் தொடங்கியிருந்தார்கள். நால்வர் உள்ளே, நான் வெளியே. அன்றிலிருந்து பத்து நாளில் நான் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதல் இரவு யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். எழுதியே தீர வேண்டுமென்றால் பிள்ளையின் பழைய கொப்பியின் கடைசித் தாளில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இரண்டு நாள் கழித்துக்கூட எல்லோருக்குமாக அழிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அழித்த இடத்தில், அழிக்கப்பட்டது என்ற வரி நிற்கும். அதற்குள் வாசித்தவள் வாசித்திருப்பாள், வாசிக்காதவள் என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த இரவில் வரும் வலிக்கு அளவு தெரியாது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் கணினியில் ஒரு பந்தெறியும் விளையாட்டை வைத்துப் பலரைச் சோதித்தார். திரையில் இருக்கும் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை எறிந்துகொள்வார்கள். விளையாட வந்தவருக்குச் சில எறிகளுக்குப் பிறகு பந்தே வராது. 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிரே ஆளே இல்லை, கணினிதான் எறிகிறது என்று முன்கூட்டியே சொல்லியும் விளையாடியவர்களுக்கு மனம் நொந்தது. வேண்டுமென்று ஒதுக்கினார்களா, தற்செயலா என்பதையெல்லாம் பிரித்துப் பார்க்க முன்னரே மனம் நொந்துவிடுகிறது. அதனால் முதல் நாள் வலி எவ்வளவு என்பதை வைத்து, அவர்கள் செய்த பிழை எவ்வளவு என்று கணக்குப் போடக் கூடாது.

2. விடுபட்டதா, விடப்பட்டதா என்று பாருங்கள். இதற்குக் கால்மணி நேரம் போதும். முதலில் உங்கள் நம்பர். சிம் மாற்றி, பழைய குரூப்பில் மட்டும் புது நம்பரில் இருந்தால், குரூப் தொடங்கியவளின் போனில் உங்கள் பழைய நம்பரே பெயரோடு கிடக்கலாம். அவள் உங்களைச் சேர்த்ததாகவே நினைத்திருப்பாள். அடுத்து உங்கள் போனின் Settings, அதில் Privacy, அதில் Groups. அங்கே "My contacts" என்று வைத்திருந்து, அவளுடைய நம்பரை நீங்கள் சேமிக்காமல் இருந்தால், அவளால் உங்களை நேரே சேர்க்க முடியாது. உங்களுக்குத் தனியாக ஓர் அழைப்புத்தான் அனுப்பலாம். அது மூன்று நாளில் காலாவதியாகிவிடும். அவளுடைய தனிச் செய்திகளைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், திறக்காத அழைப்பு ஒன்று கிடக்கக்கூடும்.

தோழியின் படத்தைத் தட்டினால் வரும் "Groups in common" பட்டியலில் தேடுவதில் பயனில்லை. நீங்களும் இருக்கும் குரூப்புகள் மட்டுமே அதில் தெரியும். நான் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து அரைநாளை வீணாக்கினேன்.

என் விஷயத்தில் நம்பரும் சரி, செட்டிங்கும் சரி. எனவே விடப்பட்டதுதான்.

3. சொன்னவளைக் காட்டிக்கொடுக்காதீர்கள். சிலாபத்துக்காரி தெரியாமல் வாய்விட்டாள். அவள் பெயரை எடுத்தால் பேச்சு முழுவதும் "யார் சொன்னது?" என்பதிலேயே போய்விடும், உங்கள் மனவருத்தம் மூலையில் நிற்கும். குரூப்பில் என்ன பேசினார்கள் என்று ஸ்கிரீன்ஷொட் கேட்பதும் கூடாது. கேட்டால் அவளும் ஒரு பக்கம் சாய வேண்டி வரும். கைக்கு வருவதோ, நடுவில் வெட்டி எடுத்த நாலு வரியாக இருக்கும்.

4. ஒருத்தியிடம் மட்டும் பேசுங்கள். குரூப்பைத் தொடங்கியவள் யாரென்று தெரிந்தால் அவளிடம். தெரியாவிட்டால் அந்த நால்வரில் உங்களோடு அதிகம் ஒட்டுள்ளவளிடம். பழைய பொதுக் குரூப்பில் "சிலருக்குச் சிலர் தேவையில்லைபோல" என்று ஜாடையாகப் போடுவதை நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அந்தந்தக் குரூப் அதோடு செத்தது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் கேட்டால், உண்மையைச் சொல்ல நினைப்பவளும் மற்ற மூவரையும் காப்பாற்றத்தான் பேசுவாள்.

ஸ்டேட்டஸும் அப்படித்தான். மனம் நொந்த ஸ்டேட்டஸை மதினியும் மாமியும் பார்த்து, வீட்டில் வேறு விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

5. வொய்ஸ் போட வேண்டாம், நேரே போங்கள். வொய்ஸ் மெசேஜில் அழுகை வந்துவிடும், வந்ததை வெட்டி எடுக்கவும் முடியாது. கேட்பவள் அடுப்படியில் போனைச் சத்தமாக வைத்துத்தான் கேட்பாள், பக்கத்தில் அவளுடைய மாமியார் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். ஒரு தட்டில் அது வேறொருத்திக்கும் போகும். எழுத்தில் ஒரு வரி மட்டும் அனுப்புங்கள். நான் அனுப்பியது இது: "உன்னோட ஒரு விஷயம் கதைக்கணும். சண்டையில்ல. ஞாயிறு பின்னேரம் வீட்ட வந்தா இருப்பியா?"

சண்டையில்லை என்ற சொல்லை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஞாயிறு வருமுன்னே அவள் மற்ற மூவரோடும் பேசி ஒரு பதிலைத் தயாரித்துவிடுவாள். நேரத்தையும் பார்த்துக் கேளுங்கள். எங்கள் ஐவரில் ஒருத்தி கற்பிட்டி, முஸ்லிம் வீடு, வெள்ளி நடுப்பகல் ஜும்ஆ நேரம். சிலாபத்துக்காரிக்கு ஞாயிறு காலையில் பூசை. வலை இழுக்கும் காலமென்றால் உடப்பில் விடியற்காலை யாரும் நின்று கதைக்க மாட்டார்கள்.

6. சொல்ல வேண்டியது மூன்று வசனம். கொப்பியில் நான் முதலில் எழுதியது இப்படி: "எல்லாரும் சேந்து என்ன ஒதுக்கிட்டீங்க. நான் வந்தா உங்களுக்கு மரியாதக் குறைச்சலா?" இதில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் சேர்ந்தார்களா, தெரியாது. மரியாதைக் குறைச்சல் என்று நினைத்தார்களா, தெரியாது. இப்படிக் கேட்டால் அவள் "இல்லவே இல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அந்த மறுப்பும் உண்மையாகவே இருக்கும்.

மூன்று நாள் கழித்து அதையே மாற்றி எழுதினேன். முதல் வசனத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது: "கலியாணத்துக்கு வேற குரூப் இருக்கு, நான் அதில இல்லண்டு அறிஞ்சன்." இரண்டாவதில் எனக்கு என்ன ஆனது: "ரெண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. உன்ட தங்கச்சிய நானும் தூக்கி வளத்தனான்." மூன்றாவதில் கேள்வி: "ஏன் என்ன விட்டீங்க? உள்ளதச் சொல்லு."

"கோபம்" என்று சொல்லாதீர்கள், "மனசு நொந்திட்டுது" என்று சொல்லுங்கள். கோபம் என்று கேட்டவள் தன் பக்க நியாயத்தைத் தேடுவாள், நொந்தது என்று கேட்டவள் உங்களைப் பார்ப்பாள். "என்னையும் சேத்துவிடு" என்பதை அதே மூச்சில் கேட்க வேண்டாம். கேட்டால் அவள் உடனே போனை எடுத்துச் சேர்த்துவிட்டு "சரிதானே?" என்பாள். ஏன் விட்டார்கள் என்பது தெரியாமலே போகும்.

கேட்டு முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. முந்தல்காரி தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்து நானே "பரவாயில்ல" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

7. வரும் பதிலுக்கேற்பச் செய்யுங்கள். "மறந்திட்டம்" என்றால் இரண்டாம் குறிப்பை நினைத்துப் பாருங்கள். நம்பர் பிழையாக இருந்தால் அது உண்மையாக இருக்கலாம். இல்லாவிட்டால் அது உண்மையைச் சொல்லத் தயங்கும் சொல். வற்புறுத்தாமல் ஒரு வாரம் விடுங்கள். "அவளுக்கும் உனக்கும் சரியில்லையே, அதான்" என்றால் பேச வேண்டிய ஆள் வேறு. நடுவில் இருப்பவளைத் தூதுக்கு அனுப்பாமல் அந்த ஆளிடமே போங்கள்.

எனக்கு வந்த பதில் இந்தக் கரையில் பல வீடுகளுக்குப் பொதுவானது. முந்தல்காரி சொன்னாள்: "ஒரே நிறச் சாறி ஆறாயிரத்தி ஐந்நூறு. பரிசுக்கு மூவாயிரம், வானுக்கு ஆயிரத்தி ஐந்நூறு. சோளகம் அடிக்கிது, கரைவலை நிண்டிட்டுது, உன்ட அவருக்கு வேலையில்ல. அம்மன் கோயில் தீமிதிப்புச் செலவும் இருக்கு. குரூப்பில கேட்டா நீ எங்கயாவது கடன் வாங்கியாவது தருவாய். அதான் உன்னப் போடல்ல." மொத்தம் பதினோராயிரம் ரூபாய். அவள் கணக்கு சரி. நான் கடன் வாங்கித்தான் கொடுத்திருப்பேன்.

இப்படி அன்பினால் விட்டிருந்தால் "அப்படியா, சரி" என்று உடனே அடங்கிப்போகவும் வேண்டாம், நல்ல மனதை ஏசவும் வேண்டாம். எண்ணம் வேறு, வழி வேறு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். நான் சொன்னேன்: "நீ என்ன நினச்சது எனக்குச் சந்தோஷம். ஆனா ஏலுமா ஏலாதாண்டு என்னட்டக் கேட்டிருக்கலாம். ஏலாதுண்டு சொல்றது எனக்கு வெக்கமில்ல. நீங்க நாலு பேரும் அதத் தெரிஞ்சு வச்சிக்கொண்டு எனக்குத் தெரியாம இருந்ததுதான் வெக்கம்." அவள் அழுதாள். நானும் அழுதேன்.

8. சேர்த்த பிறகு பழையதைக் கிளற வேண்டாம். உங்களைச் சேர்க்கும் முன் போட்ட செய்திகள் பெரும்பாலும் உங்கள் போனுக்கு வராது. "என்னப் பத்தி என்ன கதைச்சீங்க?" என்று எவளிடமும் கேட்காதீர்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் போட்டது: "பரிசுக்கு ஆயிரம் தாறன். புதுச் சாறி எடுக்க ஏலாது, என்னட்ட ஒரு மயில்நீலம் இருக்கு, அத உடுக்கிறன்." சிறிது நேரத்தில் கற்பிட்டிக்காரி, "எனக்கும் புதுசு கஷ்டம்தான், சொல்லத் தெரியாம இருந்தன், என்னட்டயும் ஒரு நீலம் கிடக்கு" என்று போட்டாள். ஆவணியில் ஐந்து விதமான நீலத்தில் நின்றோம்.

இப்போது செலவுள்ள எந்த விஷயமானாலும், குரூப்பில் போடுமுன் முந்தல்காரி எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்புவாள்: "இவ்வளவு வருது. உனக்கு ஏலுமா?" சில தடவை ஏலும் என்கிறேன், சில தடவை ஏலாது என்கிறேன்.