கடைசியில் வந்தது கடைசியில்தான் முடியுமா?

ஒரு சர்வர் ஒரு நாளில் மொத்தம் எத்தனை நிமிடம் முடங்கியது? பதிவேட்டில் நான்கு வரிகள் இருக்கின்றன. நெட்வொர்க் 9:00 முதல் 12:00 வரை. பணம் செலுத்தும் பகுதி 9:30 முதல் 9:45 வரை. லாகின் 11:00 முதல் 11:20 வரை. மறுபடி நெட்வொர்க் 14:00 முதல் 14:30 வரை. ஒன்றின் மேல் ஒன்று விழும் நேரங்களை இருமுறை எண்ணக்கூடாது என்பதால் இன்டர்வல்களை இணைத்துவிட்டுக் கூட்டுகிறோம். காலையில் 180, பிற்பகலில் 30, ஆக 210 நிமிடம். கணக்கு எளிதுதான். ஆனால் இதற்கு எழுதப்படும் நிரலைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: தொடக்க நேரப்படி வரிசைப்படுத்திவிட்டால், பின்னால் வருவது பின்னால்தான் முடியும்.

உண்மை: வரிசைக்கு வருவது தொடக்கங்கள் மட்டுமே. முடிவுகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த நம்பிக்கையில் எழுதிய நிரல் இப்படி இருக்கும்:

```python
spans.sort()
out = [list(spans[0])]
for s, e in spans[1:]:
    if s <= out[-1][1]:
        out[-1][1] = e
    else:
        out.append([s, e])
```

நம் பதிவேட்டை இதில் ஓட்டிப் பாருங்கள். முதலில் கையில் இருப்பது 9:00–12:00. அடுத்து வரும் 9:30 அதற்குள் விழுகிறது, எனவே இணைக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் ஐந்தாம் வரி பழைய முடிவை அழித்துப் புதியதை எழுதுகிறது. மூன்று மணி நேர முடக்கம் 9:00–9:45 ஆகச் சுருங்கிவிட்டது. அடுத்து 11:00 வரும்போது அது 9:45-ஐத் தாண்டியிருப்பதால் தனித் துண்டாக நிற்கிறது. கடைசியில் கிடைப்பது 45, 20, 30, ஆக 95 நிமிடம். பெரியதை விழுங்கிய சின்னது என்று இதைச் சொல்லலாம். பாதிக்கு மேல் முடக்கம் காணாமல் போனாலும் நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது.

திருத்தம் ஒரே வரி:

```python
out[-1][1] = max(out[-1][1], e)
```

இணைத்த துண்டின் முடிவு முன்னே நகரலாம், ஒருபோதும் பின்னே வரக்கூடாது. இதே தவறின் இன்னொரு வடிவமும் உண்டு. இணைத்த துண்டோடு ஒப்பிடாமல், பட்டியலில் முந்தைய வரியின் முடிவோடு ஒப்பிடுவார்கள். அப்போதும் 11:00-ஐ 9:45-உடன்தான் ஒப்பிடுகிறோம். அங்கே `max` மட்டும் போட்டுப் பயனில்லை.

நம்பிக்கை: முடிவு நேரத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் இது தீரும்.

உண்மை: தீராது, சில நேரம் ஒளிந்துகொள்ளும். பைத்தானின் `sort()` தொடக்கம் சமமாக இருந்தால் முடிவைப் பார்த்துச் சிறியதை முன்னே வைக்கும். அதனால் 9:00–10:00, 9:00–12:00 என்ற ஜோடி தவறான நிரலிலும் சரியாகவே வரும். யாராவது `key=lambda x: x[0]` என்று மாற்றினால், சமமானவை உள்ளே வந்த வரிசையிலேயே நிற்கும், நீளமானது முன்னே இருந்தால் விடை உடையும். "நேற்று வரை ஓடியதே" என்ற புலம்பல் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் 9:30 என்பது 9:00-க்குப் பிறகு தொடங்குவதால், நம் பதிவேட்டுக்கு இந்தச் சமன் விதியால் எந்த உதவியும் இல்லை.

முழுக்க முடிவின்படியே வரிசைப்படுத்தினால்? நெட்வொர்க் வரி மூன்றாவதாக வந்து, ஏற்கெனவே எழுதிய இரண்டு துண்டுகளையும் ஒருசேர விழுங்க வேண்டியிருக்கும். கடைசித் துண்டை மட்டும் பார்க்கும் நிரல், அதன் தொடக்கத்தை 9:00-க்கு நகர்த்தினாலும், 9:30–9:45-ஐத் தனியே விட்டுவிட்டு 225 நிமிடம் என்று சொல்லும்.

நம்பிக்கை: மாதிரிச் சோதனைகள் தேறிவிட்டன, விடையில் எதுவும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. போதும்.

உண்மை: லீட்கோட்டின் 56-ஆம் கணக்கு இதுதான். அதில் எல்லோரும் முதலில் ஓட்டிப் பார்க்கும் உதாரணங்கள் `[[1,3],[2,6],[8,10],[15,18]]`, `[[1,4],[4,5]]`. இரண்டிலும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக அடங்குவதே இல்லை, தவறான நிரலும் தேறிவிடும். நம் 95 நிமிட விடையிலும் துண்டுகள் வரிசையாக, மோதாமல்தான் இருந்தன.

ஆகவே கேட்க வேண்டியது வேறு கேள்வி. உள்ளே கொடுத்த ஒவ்வொரு இன்டர்வலும் விடையின் ஏதாவது ஒரு துண்டுக்குள் முழுதாக அடங்குகிறதா? 9:00–12:00 எங்கும் அடங்காது, பிழை உடனே தெரியும். இன்னும் விரைவான அறிகுறி, மொத்தமே ஒற்றை நீளமான வரியைவிடக் குறைவது. 180 நிமிட வரி இருக்கும் பட்டியல் 95 நிமிடம் காட்ட வழியே இல்லை. ஆனால் இந்த அறிகுறி எப்போதும் தென்படாது, அடங்குகிறதா என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். உங்கள் சோதனைப் பட்டியலில் `[[1,10],[2,3],[5,6]]` இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். விடை `[[1,10]]` மட்டுமே.