சுருக்கம் எழுதுமுன் பக்கங்களை வரிசைப்படுத்துங்கள்

விளக்கப்படக் கோப்பு (ஸ்லைடுகளின் தொகுப்பு) ஒன்று பிடிஎஃப் ஆக உங்களிடம் வருகிறது. மாலைக்குள் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும் என்கிறார்கள். திறந்து பார்த்தால் தலைப்புப் பக்கத்தை அடுத்து பத்தாம் ஸ்லைடு நிற்கிறது, இரண்டாம் ஸ்லைடு நடுவில் எங்கோ கிடக்கிறது. பதற்றப்பட வேண்டாம். இத்தகைய குழப்பம் பெரும்பாலும் தாறுமாறாக நேர்வதில்லை. அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் படித்துவிட்டால் வரிசையைச் சரிசெய்ய முடியும், காணாமற்போன பக்கங்கள் எந்தக் கட்டத்தில் தொலைந்தன என்பதையும் அறிய முடியும்.

முதலில் காரணம். யாரோ ஒருவர் கோப்பைப் பக்கம் பக்கமாகப் படங்களாகப் பிரித்து, பிறகு அவற்றை ஒரே பிடிஎஃப் ஆக இணைத்திருப்பார். படங்களின் பெயர்கள் `page-1.png`, `page-2.png` என்று போகும். இணைக்கும் மென்பொருள்கள் பல, எண்ணின் மதிப்பைப் பார்க்காமல் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்குகின்றன (அகராதி வரிசை). அப்போது 1-க்குப் பிறகு 10, 11 என 19 வரை வந்து, அதற்கப்புறமே 2 வரும். விண்டோஸ் கோப்புறையில் அதே படங்கள் 1, 2, 3 என்று சரியாகத் தெரிவதால், இணைத்தவருக்குத் தவறு கண்ணில் படுவதில்லை. “நான் சரியாகத்தான் அனுப்பினேன்” என்று அவர் சொன்னால், அதை மனதார நம்பியே சொல்கிறார்.

இனி அறிகுறிகள். பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணையும், ஸ்லைடின் கீழ் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணையும் ஒரு தாளில் எதிரெதிராகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணைதான் முழு வேலைக்கும் அடிப்படை. தலைப்புப் பக்கத்தில் எண் இல்லாதது வழக்கம்தான், அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒரு குடிநீர்த் திட்டத்தின் ஆய்வுக் கூட்டத்துக்கான 24 பக்கக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் எண் இல்லை. அடுத்து 10, 11, 12, 13 வருகின்றன. பின்னர் 17 முதல் 22 வரை. அதை அடுத்து 2. பிறகு 23 முதல் 27 வரை, கடைசியில் 3 முதல் 9 வரை. 14, 15, 16 எங்குமே இல்லை.

இங்கே இரண்டாம் ஸ்லைடு நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அச்சான எண்களின்படி அகராதி வரிசை அமைந்திருந்தால் அது 19-ஐ அடுத்து வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ 22-க்கும் 23-க்கும் நடுவில். ஆனால் பக்கங்களை எண்ணினால் அது பன்னிரண்டாவது பக்கம். அதாவது முதல் பக்கத்துக்குப் பின் சரியாகப் பத்துப் பக்கங்கள் கழித்து வருகிறது. `page-10` முதல் `page-19` வரை பத்துப் படங்களும் குறைவின்றி இருந்திருக்கின்றன என்று இதற்குப் பொருள். ஆக, படங்களுக்குப் பெயர் வைக்கப்பட்டபோதே அந்த மூன்று ஸ்லைடுகளும் இல்லை. அவை இணைப்பில் தொலையவில்லை, அதற்கு முன்பே மூலக் கோப்பிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது விடுபட்டிருக்கின்றன. மாறாக, 2 என்ற ஸ்லைடு 19-ஐ அடுத்து ஒன்பதாவது பக்கமாக நின்றிருந்தால், படங்கள் பிரிக்கப்பட்ட பிறகு மூன்று தவறிப்போயின என்று கொள்ளலாம். அப்போது படங்கள் உள்ள கோப்புறையைக் கேட்டாலே போதும்.

மூலத்திலிருந்து விடுபடுவதற்கு வழக்கமான காரணம் மறைக்கப்பட்ட ஸ்லைடு (கோப்பில் இருந்தும் திரையிடலில் வராதது). பவர்பாயிண்ட் அதற்கும் ஓர் எண்ணை ஒதுக்கியே வைக்கிறது. பிடிஎஃப் ஆக்கும்போது அது சேர்க்கப்படாவிட்டால் எண்ணில் இடைவெளி விழுகிறது. ஒரு ஸ்லைடை அடியோடு நீக்கியிருந்தால் பின்வரும் எண்கள் தாமாக நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். ஆகவே, எண்கள் கையால் தட்டச்சிடப்பட்டவையாக இல்லாதவரை, இடைவெளி தெரிகிறது என்றால் அந்த ஸ்லைடு அன்று கோப்பில் இருந்தது என்று நம்பலாம்.

இப்போது வரிசையைத் திருப்புவோம். வந்த கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். `qpdf` என்ற இலவசக் கருவி இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
qpdf in.pdf --pages . 1,12,18-24,2-11,13-17 -- out.pdf
```

கட்டளையில் உள்ளவை பிடிஎஃப் பக்க எண்கள். முதல் பக்கம், பிறகு 2 என்ற ஸ்லைடு உள்ள பன்னிரண்டாம் பக்கம், அடுத்து 3 முதல் 9 வரையிலான ஸ்லைடுகள் உள்ள 18–24 பக்கங்கள் என்று படித்தால் புரியும். கருவி இல்லையென்றால், பக்கங்களைச் சிறுபடங்களாகக் காட்டும் எந்த பிடிஎஃப் திருத்தியிலும் கையால் இழுத்து வைக்கலாம். 24 பக்கத்துக்கு அது பெரிய வேலை அல்ல.

அடுத்தது விடுபட்ட பகுதி எது என்று கண்டறிவது. இந்தக் கோப்பில் 2-ஆம் ஸ்லைடு பொருளடக்கம். அதில் பின்னணி, நிதி, கட்டுமானப் பணி, தாமதத்திற்கான காரணங்கள், அடுத்த கட்டம் என்று ஐந்து தலைப்புகள். 13 வரை கட்டுமானப் பணி ஓடுகிறது, 17 அடுத்த கட்டத்தைத் தொடங்குகிறது. தாமதத்திற்கான காரணங்கள் என்ற பகுதியே காணோம். 18-இல் “மேற்கூறிய மூன்று காரணங்களால்” என்றொரு வரி வந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கலாம். இதே கோப்பில் 5-ஆம் ஸ்லைடு திட்டச் செலவை 42 கோடி என்கிறது, 22-ஆம் ஸ்லைடு திருத்திய மதிப்பீடாக 51 கோடி என்கிறது என்று கொள்வோம். கலைந்த பிடிஎஃபில் 51 பதினோராம் பக்கத்திலும் 42 இருபதாம் பக்கத்திலும் கிடக்கும். வந்தபடியே படித்துச் சுருக்கினால் செலவு குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும், முடிவு மட்டும் தலைகீழாகிவிடும். படித்துச் சரிபார்ப்பவருக்கும் இது எளிதில் பிடிபடாது.

சில குறுக்குவழிகளை எச்சரித்துச் சொல்ல வேண்டும். பொருளைப் பார்த்து “இது முன்னால் வரும்போலிருக்கிறது” என்று அடுக்காதீர்கள். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போகும் பேச்சாளர்கள் ஏராளம். படக்கோப்புகளின் தேதி, நேரத்தை நம்பி அடுக்குவதும் வேண்டாம், பிரதி எடுக்கும்போது அவை மாறக்கூடும். ஒரே பக்கம் மூன்று முறை வந்திருப்பதுபோல் தோன்றினால் உடனே அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூடியிருக்கலாம். குறைந்த வரிகள் உள்ளது முன்னும், நிறைந்தது பின்னும் வரும். எல்லாவற்றையும்விட, விடுபட்ட காரணங்களை வேறோர் அறிக்கையிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள்.

அனுப்பியவரிடம் கேட்பதுதான் நேர்வழி. “சில பக்கங்கள் இல்லை” என்று மொட்டையாகக் கேட்டால், அதே பிடிஎஃப் மறுபடி வரும். “14 முதல் 16 வரையிலான ஸ்லைடுகள் மறைக்கப்பட்டவை என்று தோன்றுகிறது. பிடிஎஃப் ஆக்கும்போது Options பகுதியில் Include hidden slides என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேளுங்கள். மூலக் கோப்பே கிடைத்தால் இன்னும் நல்லது. மறைக்கப்பட்ட ஸ்லைடின் எண் இடப்பக்கப் பட்டியலில் குறுக்கே கோடிட்டுக் காணப்படும். அதே சமயம், அவர் வேண்டுமென்றே மறைத்திருக்கவும் கூடும். அந்தப் பகுதியைச் சுருக்கத்தில் சேர்க்கலாமா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

பதில் வரும்வரை காத்திருக்க இயலாவிட்டால், சுருக்கத்தில் உரிய இடத்திலேயே, அதாவது கட்டுமானப் பணிக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில், இப்படி ஒரு வரி எழுதுங்கள்: “14–16 ஸ்லைடுகள் பெறப்பட்ட பிரதியில் இல்லை. பொருளடக்கத்தின்படி இவை தாமதத்திற்கான காரணங்களைக் கூறும் பகுதி. அவை இங்கு சேர்க்கப்படவில்லை.” அடிக்குறிப்பாகக் கடைசியில் தள்ள வேண்டாம். சுருக்கத்தைப் படிப்பவர் கடைசி வரை வருவார் என்பதற்கு உறுதி இல்லை.