பொறுப்பு மருத்துவராக வருபவர்களுக்கு ஆறு அறிவுரைகள்

சேத்தியாத்தோப்பு வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாகப் பொறுப்பேற்க வரும் இளம் மருத்துவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 'தொண்டுத் தலைமை' என்ற சொல்லைப் பயிற்சிக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. அவர் அதற்கு ஒரு சோதனையும் வைத்தார். உங்கள் தொண்டைப் பெறுபவர்கள் வளர்கிறார்களா, தம் காலில் நிற்கிறார்களா, கடைசிப் படியில் இருப்பவருக்கு அதனால் நன்மை உண்டா என்று பார்க்கச் சொன்னார். கீழே உள்ள ஆறையும் அந்தக் கேள்விகளோடு சேர்த்தே படியுங்கள்.

1. முதல் இரண்டு வாரம் உத்தரவு போடாதீர்கள். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், துப்புரவுப் பணியாளர் என ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து, "உங்க வேலைக்கு எது தடையா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். பதிவு, எடை, இரத்த அழுத்தம், மருத்துவர் என்று வரிசையாக முடித்துக் கடைசியில் குளுக்கோஸ் கொடுத்தால், ஒன்பது மணிக்கு வந்த பெண் மதியம் இரண்டு மணிக்குத்தான் பேருந்து ஏறுவாள். அடுத்த மாதம் வரமாட்டாள். வந்தவுடன் வாசலிலேயே குளுக்கோஸ் கொடுத்து நேரத்தை அட்டையில் குறித்துவிட்டால், மற்ற எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இது பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியருக்கு முன்பே தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

2. தொண்டு என்பதை வேலை அமைப்பில் காட்டுங்கள். நம் மாநிலத்தில் இதற்குச் சிறந்த பாடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அவருடைய எளிமையைப் பலரும் பேசுகிறார்கள். நீங்கள் அங்குள்ள அறுவை அரங்கைக் கவனியுங்கள். அறுவை மருத்துவர் ஒரு மேசையில் முடித்துத் திரும்பும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்பவர்கள், பள்ளிப் படிப்பு முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவர் செய்தே ஆகவேண்டியதை மட்டும் மருத்துவருக்கு விட்டுவிட்டு, மற்றதைச் செய்யும் தகுதியை அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஏழை நோயாளியின் காத்திருப்பு குறைந்தது. கிராமத்துப் பெண்ணின் கையில் ஒரு தொழில் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சாதித்ததுதான் தலைமை.

3. நீங்கள் இல்லாத இரவுக்காகப் பயிற்சி கொடுங்கள். நம் பக்கம் கரும்பும் நெல்லும் விளையும் பூமி. பாம்புக்கடி வரத்தான் செய்யும். கடிபட்டவர் வரும் நேரத்தில் பணியில் ஒரே ஒரு செவிலியர் இருக்கலாம். அவருக்கு இருபது நிமிட இரத்தம் உறைதல் சோதனை கைவந்திருக்க வேண்டும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால், நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். வெறும் குழாயையும் கடிகாரத்தையும் வைத்து மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். விஷமுறிவு மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கையையும், ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலின் பக்கத்திலேயே இருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துக் கையெழுத்திடட்டும். குழாயை மாற்றவோ மருந்து கேட்டு எழுதவோ அவருக்கு அதிகாரமும் கொடுங்கள். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமத்துவதில் தொண்டு எதுவும் இல்லை.

4. கருத்துக் கேட்கும் பழக்கத்துக்கு நேரம் உண்டு. இது தொண்டுத் தலைமையின் முதல் எல்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத தாயின் அருகில் நின்றுகொண்டு யாரிடமும் யோசனை கேட்க முடியாது. அப்போது ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். "நீங்க ஊசி போடுங்க, நீங்க 108-க்குச் சொல்லுங்க, நீங்க கூடப் போங்க" என்று ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் அடுத்தவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். தாயைச் சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்த பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, எங்கே தாமதமானது என்று கேளுங்கள். அங்கே கடைநிலைப் பணியாளரின் பேச்சுக்கும் உங்கள் பேச்சுக்கும் ஒரே மதிப்பு இருக்கட்டும்.

5. இல்லாத ஆளின் வேலையை நீங்களே சுமந்து மூடிமறைக்காதீர்கள். நல்ல மனம் உள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருக்கிறது. நீங்களே மாத்திரை எண்ணிக் கொடுக்கிறீர்கள், செவிலியர் பாதி நேரம் மருந்துச் சன்னலில் நிற்கிறார். ஊர் உங்களைப் புகழும். மேலே போகும் மாத அறிக்கையில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தெரியும். காலியிடம் காலியாகவே கிடக்கும். ஒரு வாரம் நீங்கள் செய்வது தொண்டு. ஆறு மாதம் செய்தால் குறையை மறைக்கிறீர்கள் என்று பொருள். ஆள் இல்லாததால் எந்த வேலை எத்தனை நாள் நின்றது என்று தேதியோடு எழுதி வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். தொண்டு மூடிமறைப்பாக மாறிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் செவிலியர் விடுப்புக் கேட்கவே தயங்குகிறார் என்றால் மாறிவிட்டது.

6. யாருக்குத் தொண்டு என்பதில் குழம்பாதீர்கள். பணியாளரைத் தாங்கிப் பிடிப்பது நோயாளிக்காக. பிரசவ வலியில் கத்தும் பெண்ணை ஒருவர் அடிக்கிறார், குழந்தையைக் காட்டக் காசு கேட்கிறார் என்றால், "பாவம், குடும்பஸ்தர்" என்று விட்டுவிடக் கூடாது. விசாரித்து, எழுத்தில் பதிந்து, மேலே அனுப்புங்கள். இதைவிடக் கடினமான ஒன்றும் வரும். பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வருவாள். "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று அவள் தாய் உங்கள் காலில் விழுவாள். இரங்கி மறைக்கத் தோன்றும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி உங்களுக்கே தண்டனை உண்டு. சிகிச்சையை ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள், பெயர் வெளியே கசியாமல் காத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சொல்லுங்கள், தகவலையும் கொடுத்துவிடுங்கள். அந்த அறையில் கடைசிப் படியில் நிற்பவள் அந்தச் சிறுமி. உங்கள் தொண்டு அவளுக்கே முதலில் உரியது.

இந்த ஆறையும் நீங்கள் கடைப்பிடித்தீர்களா என்பதற்கு உங்களைப் பற்றி ஊர் சொல்வது சான்றாகாது. பத்து நாள் விடுப்பில் போய்விட்டு வந்து பதிவேடுகளைப் பாருங்கள். கர்ப்பிணிகள் மதியத்துக்குள் வீடு திரும்பியிருக்கிறார்களா, குப்பிகளின் எண்ணிக்கை சரியா, ஒத்திகை நடந்ததா, அனுப்ப வேண்டிய கடிதம் போனதா என்று தெரியும். நின்றுபோனது எதுவோ, அந்த வேலையை நீங்கள் இன்னும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.