செம்மண்ணில் விழுந்த மழை
(பாட்டு நயம் பாராட்டும் விடை பற்றி ஓர் அறிவியல் மாணவனின் கட்டுரை)

பகுதி ஒன்று தமிழ்த் தேர்வில் ‘இப்பாடலின் நயம் பாராட்டுக’ என்னும் வினாவைக் கண்டதும் நம்மில் பலர் எதுகை நயம், மோனை நயம், உவமை நயம் என்று தலைப்புகள் இட்டு, ஒவ்வொன்றும் ‘மிகச் சிறப்பாக அமைந்துள்ளது’ என்று முடித்துவிடுகிறோம். அந்த விடையை எடுத்து எந்தப் பாட்டின் கீழும் ஒட்டலாம். அப்படி ஒட்ட முடிவதுதான் அதன் குறை. இந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்தும் விடையை எழுதுவது எவ்வாறு? குறுந்தொகையின் 40ஆம் பாடலை வைத்துப் பார்ப்போம்.

ஐந்தே அடிகள். என் தாயும் உன் தாயும் ஒருவர்க்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவு? நானும் நீயும் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோம்? இம்மூன்றையும் கேட்டுவிட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் தாமே கலந்துவிட்டன என்கிறான் தலைவன். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, அந்த உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார்.

முதலில் குரலைக் கேட்க வேண்டும். இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியிடம் தலைவன் சொன்னது என்கிறது பாட்டின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பு. பாட்டிலோ அச்சம் என்ற சொல்லே இல்லை. ஆகவே விடையில் ‘கூற்றுக் குறிப்பின்படி’ என்று சேர்த்து எழுதுவதே நேர்மை. பாட்டுக்குள்ளிருந்தே தொனியைக் காட்டுவது அந்த மூன்று கேள்விகள். அவன் விடை தேடிக் கேட்கவில்லை; மூன்றுக்கும் விடை ‘ஒன்றுமில்லை’ என்பது இருவருக்கும் தெரியும். தாய், தந்தை, பிறகு தாங்கள் என்று கேள்வி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஊரார் கேட்கக்கூடியதை அவனே முந்திக் கேட்டுவிடுகிறான். நான்காம் அடியில் கேள்வி நின்று, குரல் அமைதியாகிறது. இந்தத் திருப்பத்தைச் சுட்டாமல் ‘தொனி இனிமையானது’ என்று எழுதினால் மதிப்பெண் எதற்கு?

அடுத்தது உவமை. உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். செம்மண் என்றதும் ‘நிறத்தால் வந்த உவமை’ என்று எழுதக் கை துடிக்கும். வினைச்சொல்லைப் பாருங்கள், கலந்தன என்பதே அது. ஆகவே இது வினை உவமை. நிறம் அந்தக் கலப்புக்குச் சாட்சி மட்டுமே.

மண்ணை மாற்றிப் பார்த்தால் இது விளங்கும். எங்கள் கொருக்குப்பேட்டையில் செம்மண் கிடையாது. லாரிகள் நின்று எண்ணெய் சிந்திய தரையில் மழை பெய்தால், நீரின்மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கும். இரண்டும் சேர்வதே இல்லை. காசிமேட்டுக் கடற்கரை மணலோ நீரைக் குடித்துவிடும். நீர் காணாமல் போகும். செம்மண்ணில்தான் நீர் நீராக இருந்துகொண்டே மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. பெய்யும்போது நிறமற்றது, பெய்தபின் அதை மண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. புலவர் ‘மண்’ என்று மட்டும் சொல்லாமல் நிறத்தோடு சொன்ன காரணம் இதுவே.

வேதியியல் நண்பர் ஒருவர் குறுக்கிட்டார்: ‘முகவையில் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் படியுமே! சிவப்பு இரும்பு ஆக்சைடு. அது நீரில் கரைவதில்லை.’ உண்மைதான். ஆனால் உவமையும் பொருளும் எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒத்த இடம் எதுவோ அதை மட்டும் எழுதி நிறுத்த வேண்டும். ‘செம்மண் தலைவி, மழை தலைவன்’ என்று பங்கிட்டு எழுதுவதும் இத்தகைய மிகைதான். பாட்டில் அப்படிப் பங்கீடு இல்லை.

இனி விடையின் ஒரு பத்தி:

‘முதல் மூன்று அடிகளிலும் தாயர், தந்தையர், காதலர் என மனிதர்களே எழுவாய். இறுதி அடியில் எழுவாய் நெஞ்சங்கள் ஆகிறது. “தாம்” என்னும் சிறுசொல், பெற்றோரோ உறவோ சேர்த்துவைக்காமல் அவை தாமாகவே சேர்ந்தன என்று காட்டுகிறது. வினை இறந்தகாலத்தில் நிற்பதால், இது இனிமேல் நடக்கப்போவதாகத் தரும் வாக்குறுதியன்று. நடந்து முடிந்த செய்தி. பிரிவை அஞ்சுபவளுக்கு “பிரியேன்” என்று அவன் சொல்லவில்லை. பிரிக்க இயலாத நிலை வந்துவிட்டது என்கிறான். செம்மண் நீர் உவமை அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது.’

இந்தப் பத்தியில் ‘சிறப்பு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாட்டில் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் உண்டு. எதுகை, மோனையை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். பொருளோடு அவை சேருமிடத்தில் எழுதலாம். இப்பாட்டில் முதல் மூன்று அடிகளும் என், உன் என ஒரே அச்சில் இணைஇணையாக ஒலிப்பதும், அந்த ஒலி நான்காம் அடியில் நின்றுவிடுவதும் அப்படிப்பட்ட இடம்.