சீயமங்கலத்து நிலத்துக்கு எத்தனை ஆண்டு வில்லங்கம்?

கேள்வி: சீயமங்கலத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை விலைக்கு வருகிறது. விற்பவர் கையில் 1996-இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. அவருடைய தந்தை அந்த நிலத்தை 1978-இல் கிரையம் வாங்கியவர். 13 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டு, ‘வில்லங்கம் இல்லை’ என்ற சான்றைக் காட்டுகிறார். இது போதுமா?

பதில்: வில்லங்கச் சான்று, கேட்ட ஆண்டுகளுக்கும் கேட்ட புல எண்ணுக்கும் மட்டுமே பேசும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. அவற்றைச் சொத்துவாரியாகக் காட்டும் அட்டவணையைத் தேடி எடுத்த விவரமே இந்தச் சான்று. விற்பவருக்கு உரிமை உண்டு என்று அது எங்கும் சொல்வதில்லை.

13 என்ற எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. அடமானக் கடனுக்காகச் சொத்தின் மீது வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு தருகிறது. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டி வழக்கமாக்கிக்கொண்டதாகக் கருதலாம். ஆனால் அந்த 12 ஆண்டு அடமானம் எழுதிய நாளிலிருந்து ஓடுவதில்லை, பணம் திருப்ப வேண்டிய நாளிலிருந்தே ஓடுகிறது. சொத்தை அடமானம் வைத்தவர் அதை மீட்க அதே சட்டம் தருவதோ 30 ஆண்டு. வங்கிகள் 30 ஆண்டு வில்லங்கம் கேட்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த நிலத்துக்கு இரண்டு எண்ணுமே பொருந்தாது. தேடல் 1978 கிரையத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கணினியில் ஏற்றிய பதிவுகள் பல அலுவலகங்களில் 1975 முதல் கிடைப்பதால், 1.1.1975 முதல் இன்றுவரை என்று கேட்பது வசதி. அப்படிக் கேட்டால் 1978 கிரையமும் 1996 பாகப்பிரிவினையும் சான்றில் வந்தே ஆக வேண்டும். கையில் இருக்கும் பத்திரம் சான்றில் இல்லையென்றால், தேடியது வேறு நிலத்தையாக இருக்கலாம். 13 ஆண்டுச் சான்றில் இந்தச் சோதனைக்கே வழியில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குள் தெரிந்த பத்திரம் எதுவும் விழவில்லை.

பிழை பெரும்பாலும் புல எண்ணில்தான் நேர்கிறது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பணியில் பல ஊர்களில் உட்பிரிவுகள் மாறின. எடுத்துக்காட்டாக, இன்று பட்டாவில் 112/3பி என்றிருப்பது 1978 பத்திரத்தில் வெறும் 112/3 என்று இருக்கலாம். புதிய எண்ணை மட்டும் கொடுத்தால், பழைய எண்ணில் எழுதி ரசீது போட்டு முடிக்காத அடமானம் ஒன்று கண்ணில் படாமல் போகும். ஆகவே பத்திரங்களில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். பட்டா எண் ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

அடுத்தது அலுவலகம். சீயமங்கலம் செஞ்சிக்குப் பக்கம் என்றாலும் விழுப்புரம் மாவட்டத்து ஊர் அன்று. திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது. செஞ்சி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. ஊர் எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறது என்பதை tnreginet.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லை மாறியிருந்தால், பழைய ஆண்டுகளுக்கு முந்தைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

அதே தளத்தில் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு, தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றொப்பமிட்ட நகலுக்குக் கட்டணம் உண்டு. தேடும் ஆண்டுகள் கூடினால் அதுவும் கூடும். கணினிக்கு முந்தைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் எழுத்து விண்ணப்பம் தர வேண்டும். ஊழியர்கள் அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்டித் தேடுவதால் நாளாகும்.

எவ்வளவு நீண்ட சான்றிலும் சில விஷயங்கள் வராது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, ஆவணம் எதுவும் வராமல் நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் வழக்கு ஆகியவை அத்தகையவை. அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெற்ற கடனுக்கான உடன்படிக்கையைத் தமிழ்நாட்டில் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற திருத்தம் 2012 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கடன் சான்றில் தெரியாமல் இருக்கலாம். விற்பவர் 1978, 1996 பத்திரங்களின் அசலைக் காட்டாமல் நகலையே நீட்டினால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அசல் யாரிடம் இருக்கிறது என்பதுதான். கிரையம் பதியும் நாளுக்கு முந்தைய தினம் அதே எண்களுக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும், முதல் சான்று அதன் முடிவு நாளோடு நின்றுவிடுவதால்.