இரண்டு நாளில் உடையும் பொம்மை

கேள்வி: என் 3 வயது மகன் எந்த பொம்மையையும் இரண்டே நாளில் உடைத்துவிடுகிறான். பிறந்தநாளுக்கு விழுப்புரத்திலிருந்து வரும் அவன் மாமாவிடம் என்ன வாங்கிவரச் சொல்வது?
- வாசகி, திண்டிவனம்

பதில்: பேட்டரி கார் வேண்டாம், அம்மா. அழுத்தினால் ஓடும் பொம்மையில் அவனுக்கு வேறு வேலையில்லை. அதனால் பிரித்துப் பார்க்கிறான். மரக்கட்டைகள், நடைவண்டி, பந்து போதும். கடையிலேயே சக்கரத்தை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் வீட்டில் கழன்றுவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்கட்டும், 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

வீட்டில் நான்கு பொம்மைகளை மட்டும் வெளியே வையுங்கள். உடைந்தால் திட்டாமல், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டுங்கள். துண்டை அவன் பிடிக்கட்டும். கூர்மையானதையும் வாயில் போடுமளவு சிறியதையும் எறிந்துவிடுங்கள். மறுநாளே புதிது வாங்கித் தராதீர்கள்.